கடற்கரைக் கோயிலை முதலில் தின்பது எது? கரையோரச் சின்னங்களைக் கணிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கரையோரச் சின்னங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "கடல் எப்போது ஏறி வரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் அங்கே தொடங்கினால் வரிசை தப்பிப்போகும். கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. புயல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. உப்பு ஒவ்வொரு நாளும் கல்லுக்குள் வேலை செய்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஆனால் மூன்றின் வேகமும் வேறு. அந்த வேகங்களைத் தனித்தனியாக அளந்த பிறகுதான் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

இந்தக் கட்டுரை மாமல்லபுரத்தை எடுத்துக்காட்டாக வைத்துச் செல்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காலத்தில் வெட்டுக்கற்களால் கட்டிய கடற்கரைக் கோயில், சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலுக்கு அடியிலிருந்து வெளிவந்த செங்கல் முருகன் கோயில், ஊருக்குள் பாறையில் செதுக்கிய அருச்சுனன் தபசு என மூன்று வகைச் சின்னங்களும் அங்கே பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

ஒரு முன்னெச்சரிக்கை. இவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சட்டப்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே செய்யலாம். கல்லைத் தொட்டுச் செய்யும் எந்த வேலைக்கும், உதிர்ந்த தூளை எடுப்பதற்கும்கூட, எழுத்து மூலம் அனுமதி வேண்டும். படம் எடுப்பது, வெளியே நின்று மட்டம் பார்ப்பது, கடற்கரை மணலை அளப்பது போன்றவற்றில்தான் ஆர்வலர்களின் பங்கு பெரிது.

முதல் படி: சின்னத்தை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள்

"கடற்கரைக் கோயிலுக்கு ஆபத்து" என்று எழுதினால் அதை வைத்து எந்த வேலையும் தொடங்க முடியாது. ஒரு தரைப்படம் வரைந்து, கோயிலைப் பாகம் பாகமாகப் பிரியுங்கள். கிழக்குப் பார்த்த பெரிய விமானத்தின் கடற்பக்கச் சுவர் ஒரு பாகம். மேற்குப் பார்த்த சிறிய விமானம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பள்ளிகொண்ட பெருமாள் சன்னதி, கருவறைச் சுவரில் உள்ள சோமாஸ்கந்தர் பலகை, திருச்சுற்று மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகள், வடபுறத்தில் 1990இல் மணலை அகற்றியபோது வெளிப்பட்ட பூவராகர் சிலையும் சிறிய சன்னதியும் உள்ள பள்ளம் என ஒவ்வொன்றையும் தனியாகக் குறியுங்கள்.

ஏன் இவ்வளவு பிரிவு? ஒரே கோயிலில் கடற்காற்று நேராக அடிக்கும் சுவரும், மழை கழுவாத கருவறையும், தரைக்குக் கீழே இருக்கும் பள்ளமும் வெவ்வேறு காரணங்களால் கெடுகின்றன. கடற்பக்கச் சிற்பங்களில் முகமும் நகையும் மழுங்கியிருக்க, காற்று மறைவில் உள்ளவை கூர்மையாக இருப்பதை யார் போனாலும் பார்க்கலாம். பூவராகர் பள்ளத்துக்கு அந்தக் காற்றைவிட நிலத்தடியிலிருந்து ஏறும் நீர்தான் கவலை.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிலையான படப்புள்ளி வையுங்கள். அதே இடம், அதே உயரம், அதே லென்ஸ், படத்துக்குள் ஒரு அளவுகோல். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை அல்லது மாலையில் எடுத்தால் செதில்களும் குழிகளும் நிழலோடு தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எல்லாச் சுவரும் நலமாகவே தெரியும்.

இரண்டாம் படி: உப்பு

இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் கொண்டல் காற்று சுவரில் கொண்டுவந்து ஒட்டுகிறது. அதில் பெரும்பகுதி நாம் சமையலில் போடும் அதே உப்பு. அந்த உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேலே போனால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பு ஜாடி கசிவதும், வெயில் வந்ததும் கட்டிதட்டுவதும் இதுதான். கரைந்த உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. உலரும்போது உள்ளேயே படிகமாகி, துளையின் சுவரை நெம்புகிறது. ஆகவே கல்லுக்கு எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைவிட, 75 என்ற கோட்டை ஆண்டுக்கு எத்தனை முறை தாண்டித் திரும்புகிறது என்பதே முக்கியம். இரவில் ஈரமாகி, முற்பகலில் மேற்கே நிலத்திலிருந்து வரும் கச்சான் காற்று உலர்த்தி, பிற்பகலில் கடற்காற்று மறுபடி நனைத்தால் ஒரே நாளில் இரண்டு தடவை அந்தக் கோடு கடக்கப்படுகிறது. பருவநிலை மாற்றம் இங்கேதான் நுழைகிறது. வறட்சியும் ஈரமும் மாறி மாறி வேகமாக வந்தால் உப்பின் அளவு கூடாமலேயே சேதம் கூடும்.

இதை அளப்பது எளிது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானே பதியும் சிறு கருவிகள் இரண்டு வேண்டும். ஒன்றைக் கருவறைக்குள்ளும் இன்னொன்றை வெளியே நிழலிலும் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை பதியவிடுங்கள். மலிவான கருவிகள் மூன்று, நான்கு சதவீதம் தவறாகக் காட்டும். நாம் பார்ப்பது ஒரு கோட்டைத் தாண்டும் எண்ணிக்கை என்பதால் அந்தத் தவறு கணக்கையே புரட்டிவிடும். சரிபார்க்க அதே உப்பு உதவும். பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, குழம்பு பதத்துக்கு வரும்வரை சில துளி நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓரிரவு வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75இல் நிற்கும். கருவி 79 காட்டினால் நான்கைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். உப்பு முழுவதும் கரைந்துவிட்டால் சோதனை செல்லாது. ஈரமான உப்புக் கட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, உப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். மழை படும் சுவர்தான் அதிகம் கெட்டிருக்கும் என்று தோன்றும். பல இடங்களில் நேர்மாறு. வெளிச்சுவரை மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. கூரை விளிம்பாக வெளியே வளைந்து நீளும் கொடுங்கைக்கு அடிப்புறம், மாடக்குழிகளின் உள்பக்கம், கருவறை போன்ற இடங்களில் காற்று கொண்டுவந்த உப்பு அப்படியே தங்குகிறது. சுவர்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு அசிங்கமாக இருக்குமே தவிர அவ்வளவு கெடுதி செய்யாது. தோலுக்கு அடியில் படிகமாகும் உப்புதான் செதில் செதிலாகக் கழற்றும். விரல் கணுவால் மெல்லத் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் அங்கே தோல் கழன்றிருக்கிறது என்று பொருள். இதை அனுமதி பெற்றவர் மட்டுமே, சிற்பம் இல்லாத கல்லில் மட்டுமே செய்ய வேண்டும்.

எண்ணாக வேண்டும் என்றால், சுவரின் அடியில் தானாக உதிர்ந்து கிடக்கும் தூளில் ஒரு கிராம் எடுத்து 100 மி.லி. வாலை வடிநீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். மீட்டர் 500 காட்டினால் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று பொருள். நம்மிடம் இருப்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஆக 50 மில்லிகிராம். ஒரு கிராம் தூளில் 50 மில்லிகிராம் என்றால் 5 சதவீதம் உப்பு. கல்லுக்கு இது மிக அதிகம். பேட்டரிக் கடையில் வாங்கும் நீரைத் தனியாக முதலில் சோதியுங்கள். சில பாட்டில்கள் பெயருக்குத்தான் வடிநீர். மீட்டர் எந்த உப்பு என்று சொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். காரை, சிமெண்ட், பறவை எச்சம் ஆகியவற்றிலிருந்து வரும் உப்புகளும் அதே எண்ணைத் தரும். கடல் உப்புதானா என்று அறியக் குளோரைடு காட்டும் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன.

உப்பை எடுக்கும் வழி காகிதக்கூழ்ப் பற்று. கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு இம்முறையைத்தான் கையாண்டு வருகிறது. பசை சேராத காகிதத்தை வடிநீரில் ஊறவைத்து, பிழிந்து, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சுவரில் அப்புவார்கள். கூழிலிருந்து நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். பிறகு கூழின் வெளிப்பக்கம் உலர உலர, கரைசல் கூழுக்குள் இழுபட்டு அங்கே தங்கும். காய்ந்ததும் உரித்தெடுத்து, கூழில் எவ்வளவு உப்பு என்று முன்சொன்ன மாதிரியே அளந்து எழுதிவைக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் பற்றுகளில் எண் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் சமமாகும். அப்போது நிறுத்தலாம்.

இதில் தப்பு நடப்பது இரண்டு இடங்களில். ஈரமாக இருக்கும்போதே உரித்துவிட்டால், உள்ளே கரைந்த உப்பு முன்னைவிட ஆழமாகப் போய்விடும். மாறாக, சித்திரை வெயிலில் அப்பினால் கூழ் சட்டென்று சுருங்கிச் சுவரிலிருந்து பிரிந்துவிடும். அதன்பின் உலர்வது கூழின் முகத்தில் அல்ல, கல்லின் முகத்தில். அதாவது நாமே உப்பை இழுத்துச் சிற்பத்தின் தோலில் படிகமாக்கியவர்களாவோம். நிழல் கட்டி, காற்றைத் தடுத்து, மெதுவாக உலரவிடுவதன் காரணம் இதுதான். ஏற்கெனவே உதிரும் பரப்பில் மெல்லிய தாளை முதலில் ஒட்டாமல் கூழை நேராக அப்பினால், உரிக்கும்போது சிற்பமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று. உப்பு ஏறிய சுவரில் சிமெண்ட் பூசுவதும், நீர் ஒட்டாத சிலிக்கோன் பூச்சு அடிப்பதும் அக்கறையோடு செய்யும் கெடுதல்கள். சிமெண்டின் வழியே ஈரம் வெளியேற முடியாமல் பூச்சுக்கு மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த கல்லில் போய்ப் பூக்கும். சிலிக்கோன் பூச்சுக்குப் பின்னால் சிக்கும் உப்பு ஒருநாள் பூச்சோடு சேர்த்துக் கல்லின் தோலைத் தள்ளிவிடும். இரும்புக் கொக்கிகளும் அப்படியே. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பெருத்துக் கல்லைப் பிளக்கும். பழைய பழுதுபார்ப்பில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்று தரைப்படத்தில் தனி நிறத்தில் குறியுங்கள்.

மூன்றாம் படி: மட்டம்

எந்த உயரத்தில் நீர் வந்தால் எது நனையும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் கடல்மட்ட உயர்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே தொடக்கத்துக்குப் போதும். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். சர்வே ஆஃப் இந்தியா உயரம் அளந்து நட்ட மட்டக்கல் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்கிருந்து 20 மீட்டர் 20 மீட்டராக நகர்ந்து சின்னத்துக்கு வாருங்கள். வந்த வழியே திரும்பிப் போய் மட்டக்கல்லில் முடியுங்கள். தொடங்கிய எண்ணுக்கும் முடிந்த எண்ணுக்கும் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் குழாயில் காற்றுக்குமிழ் இருந்திருக்கும், அல்லது பாதிக் குழாய் வெயிலிலும் மீதி நிழலிலும் கிடந்திருக்கும். மறுபடி செய்யுங்கள்.

அளக்க வேண்டியது வாசற்படியை மட்டும் அல்ல. செதுக்கிய கல்லில் மிகத் தாழ்ந்த வரிசை எது, நீர் உள்ளே நுழையும் மிகத் தாழ்ந்த இடைவெளி எது, மழைநீர் வெளியேறும் வடிகாலின் வாய் எந்த மட்டத்தில் உள்ளது என மூன்றையும் எழுதுங்கள். கடற்கரைக் கோயிலில் மிகத் தாழ்ந்தது விமானத்தின் அடிப்பீடமான அதிட்டானம் அல்ல, அந்தப் பூவராகர் பள்ளம். ஆகவே அங்கே கவனிக்க வேண்டியது பள்ளத்தின் விளிம்பும், பக்கத்து நிலத்தடி நீர்மட்டமும்.

தாழ்ந்த இடத்தைப் பார்க்காமல் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெனிஸ் நல்ல பாடம். 2019 நவம்பர் 12 அன்று அங்கே நீர் 187 செ.மீ. வரை ஏறியது. 2020 அக்டோபரில் முதன்முறை இயக்கிய மோசே என்னும் நகரும் தடுப்புகள் இப்போது நகரைக் காக்கின்றன. ஆனால் வழக்கமாக 110 செ.மீ. எதிர்பார்க்கும்போதுதான் அவற்றை எழுப்புவார்கள். புனித மாற்கு பேராலயத்தின் முன்மண்டபமோ 65 செ.மீ. அளவிலேயே நனையத் தொடங்கும். நகரம் தப்பினாலும் பேராலயத்தின் செங்கல்லும் மொசைக்கும் உப்புநீரில் நின்றன. கடைசியில் 2022இல் பேராலயத்தைச் சுற்றித் தனியாகக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள்.

மட்டக் கணக்கில் புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மட்டக்கல் சொல்லும் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. துறைமுக ஏற்ற வற்ற அட்டவணை சொல்லும் உயரம், வற்றத்தின் தாழ்ந்த மட்டத்தை ஒட்டிய வேறொரு சுழியத்திலிருந்து. சென்னையில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 65 செ.மீ. உண்டு. அட்டவணையில் 1.15 மீட்டர் என்று பார்த்துவிட்டு அதை அப்படியே மட்டக்கல் கணக்கில் சேர்த்தால், இந்த நூற்றாண்டின் பெரும்பகுதிக்கான கடல்மட்ட உயர்வைக் கைதவறிக் கூட்டியவர்களாவோம். அந்த 1.15 உண்மையில் சராசரிக்கு மேலே 50 செ.மீ. மட்டும்தான்.

நான்காம் படி: புயல்நீரை அடுக்கிப் பார்ப்பது

இப்போது ஒரு கணக்கு. எண்கள் முறையை விளக்க வைத்துக்கொண்டவை, எந்தச் சின்னத்தின் அளவும் அல்ல. ஒரு மண்டபத்தின் தரை சராசரிக் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கு 50 செ.மீ. வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரம் கடல்மட்டமே சற்று உயர்ந்து நிற்கும், அதற்கு 20 செ.மீ. ஆக 70. தரையைத் தொட இன்னும் 1.3 மீட்டர் வேண்டும். புயல் கடலைத் தள்ளி நீரை ஏற்றுவதுதான் புயல் எழுச்சி, அது அந்த அளவுக்கு வந்தால்தான் தரை நனையும்.

உலக சராசரிக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் உயர்ந்தது என்கிறது பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் ஆறாம் அறிக்கை. 2100இல் அது, 1995 முதல் 2014 வரையிலான சராசரியைவிட, உமிழ்வைப் பொறுத்து சுமார் 28 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை உயர்ந்திருக்கலாம். நம் கணக்கில் 20 செ.மீ. சேருங்கள். இப்போது 1.1 மீட்டர் எழுச்சியே போதும். தரை மூழ்கிவிடவில்லை. ஆனால் 1.3 மீட்டர் எழுச்சியைவிட 1.1 மீட்டர் எழுச்சி அடிக்கடி வரும். கடல்மட்ட உயர்வு பெரும்பாலும் இப்படித்தான் தாக்கும்: புதிதாக எதையும் கொண்டுவராமல், எப்போதோ வந்ததை அடிக்கடி வரவைக்கும். இதற்கு மேலே அலை ஏறி வருவதை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. அது கரையின் சரிவையும் மணலையும் பொறுத்தது, அதனால் கடற்கரையை அளக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒன்றரை மீட்டர் உயரமுள்ள, சென்டிமீட்டர் குறித்த, சம நீளக் கழிகள் இரண்டு போதும். மதிலிலிருந்து கடலை நோக்கி ஒரு நேர்கோடு பிடியுங்கள். ஒரு கழியைத் தொடங்கும் இடத்திலும், மற்றதை 2 மீட்டர் தள்ளிக் கடற்பக்கத்திலும் செங்குத்தாக நிறுத்துங்கள். கரைப்பக்கக் கழிக்குப் பின்னால் நின்று, கடற்பக்கக் கழியின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். அந்தப் பார்வைக்கோடு உங்கள் கழியை உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ, மணல் அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. மேடு வந்தால் கோடு மாறும். உங்கள் கழியின் உச்சியிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, எதிர்க்கழியை எங்கே வெட்டுகிறது என்று படிக்க வேண்டும். இப்படியே 2 மீட்டர் 2 மீட்டராக நீர்விளிம்பு வரை. அதே கோட்டில் புரட்டாசியில் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை, பெரும் புயலுக்கு மறுநாள் ஒருமுறை அளந்தால், ஐந்து ஆண்டில் எந்தச் செயற்கைக்கோள் படமும் தராத விவரம் கையில் இருக்கும். 2012இல் நீலம் புயலும் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தன. அப்படிப்பட்ட ஓர் இரவு எத்தனை மீட்டர் மணலை எடுத்துச்செல்கிறது, எத்தனை மாதத்தில் திருப்பித் தருகிறது என்பதே நமக்கு வேண்டிய எண். புயலுக்கு மறுநாள் மட்டும் அளந்துவிட்டுக் கரை போய்விட்டது என்று அறிக்கை எழுதுவது வழக்கமான பிழை. பாதிக்கு மேல் தானாகத் திரும்பி வந்துவிடுவதுண்டு.

கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் அலையின் நேரடி அடியைத் தாங்குகின்றன. அவை இல்லாமல் கோயிலை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இப்படிக் கல்லணை அமைந்த இடத்தில் அலை மோதித் திரும்பும்போது அடியில் உள்ள மணலை வாரும், கற்கள் மெல்லப் புதையும், மேலே மீண்டும் அடுக்க வேண்டியிருக்கும். மோதும் அலை தெறித்து உப்புச்சாரலைக் கூட்டவும் செய்யும். தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதை எங்கே தடுத்தாலும் தெற்கில் சேரும், வடக்கில் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும் இராயபுரம் கரை அரித்ததும் இதனால்தான். கோயிலுக்கு வடக்கே இருப்பது மீனவர் குப்பம். அணையை நீட்டும் எந்த யோசனையும் அங்கே வள்ளம் இழுக்கும் மணலைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேசைக்கு வரக்கூடாது.

ஐந்தாம் படி: எது முதலில்?

பல கையேடுகள் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்கச் சொல்லும். அதனால் வரும் சிக்கல், உப்பில் 5, புயலில் 1 வாங்கிய பாகமும், இரண்டிலும் 3 வாங்கிய பாகமும் சராசரியில் ஒன்றாகத் தெரிவது. முன்னதற்கு இந்த ஆண்டே ஆள் வேண்டும், பின்னது காத்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கேள்விகளுக்குச் சொற்களால் பதில் எழுதுங்கள். இன்னும் ஐந்து ஆண்டு சும்மா இருந்தால் திரும்பக் கிடைக்காதபடி எது போகும்? போகும் வேகத்துக்கு நம்மிடம் அளவு உண்டா? செய்யப்போவது தவறானால் திரும்பப் பெற முடியுமா?

மாமல்லபுரத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் வரிசை பலர் நினைப்பதுபோல் வராது. முதலிடம் சாளுவன்குப்பம் செங்கல்லுக்கு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட அந்தக் கோயிலில் பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் அடித்தளமும் உண்டு. மண்ணுக்குள் இருந்தவரை ஈரம் மாறாமல் இருந்தது, உப்பு கரைசலாகவே கிடந்தது. திறந்த நாளிலிருந்து நனைவதும் காய்வதும் தொடங்கிவிட்டன. செங்கல்லின் உடலில் கால்பங்கு வரை துளைதான் இருக்கும். கருங்கல்லில் அது நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ. கீழிருந்து உறிஞ்சும் நீர் செங்கல்லில் ஒரு மீட்டர்கூட ஏறும். கடற்கரை நன்னீரைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீரும் கீழே 40 மீட்டர் நன்னீரைத் தாங்குகிறது. சுற்றியுள்ள விடுதிகள் ஆழ்குழாயில் இறைத்து மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், உப்புநீர் கீழிருந்து 20 மீட்டர் எழ இடம் கிடைக்கிறது. அதனால் இங்கே கடலைப் பார்ப்பதற்கு முன் பக்கத்துக் கிணற்றில் மாதம் ஒருமுறை டி.டி.எஸ். பாருங்கள். எண் ஆண்டுக்காண்டு ஏறினால் காரணம் அலை அல்ல.

இப்படிப்பட்ட செங்கல் அடித்தளத்துக்கு மலிவான, திரும்பப் பெறக்கூடிய வழி மறுபடி மூடுவது. முழுவதும் படமெடுத்து, அளந்து, நீர் புகும் துணியை விரித்து, அதன்மேல் கழுவிய ஆற்றுமணலை நிரப்புவார்கள். பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிப் போட்டால் உப்பை நாமே புதைத்தவர்களாவோம். பார்வையாளர்களுக்குத் தெரியாமல் போகிறதே என்ற வருத்தம் வரும், பேச வேண்டிய வருத்தம்தான். மேல் அடுக்கை மட்டும் திறந்துவைத்துக் கீழ் அடுக்கை மூடுவது ஒரு நடுவழி.

இரண்டாவதாக, கடற்கரைக் கோயிலின் காற்று மறைவான உட்புறங்களும் பூவராகர் பள்ளமும். பள்ளத்தில் மழைநீர் எத்தனை மணி நேரம் தேங்குகிறது என்று பார்த்து வடிகாலைச் சரிசெய்வது ஒரு பருவத்துக்குள் முடியும் வேலை. கல்லணை பெரிய செலவு, அதனால் அதற்கு நாள் குறிக்காமல் எல்லைக்கோடு குறிக்க வேண்டும். கணக்கு இப்படி: அனுமதி, நிதி, ஒப்பந்தம் எல்லாம் முடிய 6 ஆண்டு ஆகும் என்று வையுங்கள். கரை ஆண்டுக்கு ஒரு மீட்டர் பின்வாங்குகிறது, ஒரு பெரும்புயல் 10 மீட்டர் எடுக்கும் என்று கழி அளவு சொல்கிறது. 6உம் 10உம் 16. மதிலுக்கு முன்னால் மணல் 16 மீட்டராகக் குறைந்த அன்றே கோப்பு நகர வேண்டும். 5 மீட்டராகும்வரை காத்திருந்தால், ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது காக்க வேண்டியது கடலுக்குள் இருக்கும். தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனபின்தான் கல் கொட்டினார்கள்.

அருச்சுனன் தபசு கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது, கட்டியது அல்ல, பாறையிலேயே செதுக்கியது. நிலையான படப்புள்ளிகளும் ஆண்டுக்கொரு சோதனையும் இப்போதைக்குப் போதும். முப்பரிமாணப் பதிவு மட்டும் எந்தச் சின்னத்துக்கும் தள்ளிப்போகக் கூடாது. படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 70 முதல் 80 சதவீதம் படியும்படி எடுத்து, அளவுகோலோடு சேர்த்து, மூலக் கோப்புகளை இரண்டு ஊர்களில் வைக்க வேண்டும்.

இடம் மாற்றுவதைப் பற்றி யாராவது கேட்பார்கள். அமெரிக்காவின் ஹட்டெரஸ் முனைக் கலங்கரை விளக்கத்தை 1999இல் ஏறக்குறைய 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அது தனிக் கோபுரம், அதன் வேலை வெளிச்சம் காட்டுவது. அலைவாயிலில் நிற்பதற்காகவே கட்டிய கோயிலை அங்கிருந்து எடுத்தால் மிஞ்சுவது கல் மட்டும்தான், ஆகவே அந்த வழியைக் கடைசி வரிசையில் எழுதுங்கள், எழுதாமலும் விடாதீர்கள்.

இந்த வரிசையை ஆண்டுதோறும் தை மாதக் கழி அளவு வந்த கையோடு மீண்டும் எடுத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவம் முடிந்து, கரை எவ்வளவு போனது என்று தெரிந்திருக்கும். பற்று போடத் தகுந்த மிதமான வெயில் அப்போதுதான் தொடங்குகிறது. பங்குனி பிறப்பதற்குள் அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.